நான் அனுப்பிய ஆடியோ



போன செவ்வாய்க்கிழமை காலை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆடியோ வந்தது நினைவிருக்கும். "நீலச் சேலை கட்டின பொம்பள, மூட்டையோட சுத்துறா, இன்னைக்குக் காலைல ஒரு புள்ளைய இழுத்துட்டுப் போயிட்டா" என்று பதறிப் பேசும் குரல். கூடவே ஒரு படம். அதை அங்கே போட்டவன் நான்தான். கண்ணால் கண்டவர் சொல்வது ஒரு சான்று, கேட்டவர் சொல்வது வேறு சான்று என்று முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நடத்தியவன், அரை நிமிடம்கூட யோசிக்காமல் அனுப்பிவிட்டேன்.

என் பழைய மாணவன் ஒருவன் நம்மூரில் செய்திச் சேனல் நடத்துவது உங்களில் பலருக்குத் தெரியும். செல்போன் ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. குடிநீர் வரும் நாள், மின்தடை, துக்கச் செய்தி, நகராட்சிக் கூட்டம், இவைதான் அவன் சரக்கு. ஒற்றுப்பிழை திருத்தித் தருகிறேன் என்ற சாக்கில் நான் தினமும் அங்கே போய் உட்காருவேன். (வீட்டில் இருந்தால் காய்கறி நறுக்கச் சொல்கிறார்கள்.) அன்று போனபோது அவனும் அதே ஆடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தான். "என்னப்பா, இன்னும் போடலையா?" என்று கேட்டேன். "சார், இது உங்களுக்கு யார் அனுப்பினாங்க?" என்று திருப்பிக் கேட்டான்.

என் போனை வாங்கிப் பார்த்தான். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி. பல கை மாறி வந்தது என்று அதற்கு அர்த்தமாம். நான் அதைக் கவனித்ததே இல்லை. ஆடியோவில் ஊர்ப் பெயர் இல்லை, தேதி இல்லை, பேசுபவர் யார் என்றும் இல்லை. "இன்னைக்குக் காலைல என்றால் எந்த இன்னைக்கு சார்?" என்றான்.

முதலில் காவல் நிலையத்துக்குப் போன் செய்தான். ஆடியோ பொய்யா என்று கேட்கவில்லை. "இப்போது ஏதாவது குழந்தையைக் காணோம் என்று புகார் வந்திருக்கிறதா?" என்று கேட்டான். உண்மையிலேயே காணவில்லை என்றால் வதந்தி ஆராய்ச்சிக்கு நேரமில்லை, தேடத்தான் வேண்டும். புகார் இல்லை என்றார்கள். படத்தில் தெரிந்த சுவரை வைத்துத் தெருவைக் கண்டுபிடித்து, அங்குள்ள அங்கன்வாடியிலும் விசாரித்தான். எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அடுத்து, வந்த வழியே திரும்பிப் போனோம். எனக்கு அனுப்பியது என் பழைய சக ஆசிரியர். அவருக்கு அவர் மருமகள், மருமகளுக்குத் தையல் வகுப்புத் தோழி. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்: "நீங்க பார்த்தீங்களா, கேட்டீங்களா?" நான்கு பேருமே கேட்டவர்கள். ஐந்தாவது ஆள்தான் பார்த்தவர், மாடியிலிருந்து படம் எடுத்தவரும் அவரே. அவரும் பார்த்தது ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்து நடந்ததை மட்டும். "இழுத்துட்டுப் போனா" என்பது அவர் பயத்தில் சேர்ந்துகொண்டது.

நடந்தது இதுதான். அந்த அம்மா தலைமுடி வாங்குகிறவர். முடிக்கு மாற்றாகப் பாத்திரமும், பிள்ளைகளுக்கு ஊக்கும் பலூனும் தருவார். பலூனுக்காக ஒரு நான்கு வயதுக் குழந்தை இரண்டு தெரு அவர் பின்னாலேயே போய்விட்டது. திரும்பிப் பார்த்தவர், கையைப் பிடித்துக் கூட்டிவந்து முக்குக் கடையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரரும் குழந்தையின் தாயும் தனித்தனியாகக் கேட்டபோது இதையேதான் சொன்னார்கள். படம் நிஜம். குழந்தையைக் காப்பாற்றிக் கொண்டுவந்தபோது எடுத்த படம்.

எனக்கு அப்போது வயிற்றைப் புரட்டியது. 2018 மே மாதம் போளூர்ப் பக்கம் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. குடும்பத்தோடு கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மா வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று ஊர் கூடி அடித்துக் கொன்றது. அந்த வருடம் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ, பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிப் போவதாகக் காட்டியது. அது கராச்சியில் எடுத்த ஒரு விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு அட்டையில் எழுதிக் காட்டுவார்கள். அந்த முடிவை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

அந்த அம்மாவையும் பேருந்து நிலையம் அருகே தேடிப் பிடித்தோம். அவருக்கு எதுவும் தெரியாது. மறுநாள் வழக்கம்போல அதே தெருக்களுக்குப் போகத் தயாராக இருந்தார்.

"படத்தைப் போட்டு, மேலே பெரிதாகப் 'பொய்' என்று சிவப்பில் எழுதிவிடு" என்றேன். மறுத்துவிட்டான். அந்தச் சிவப்பு எழுத்தை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் அனுப்ப ஒரு நிமிடம் போதுமாம். அந்த அம்மாவும் படம் வேண்டாம் என்றுதான் சொன்னார். "அப்படியானால் ஆடியோ பேசியவர் பேரையாவது போடு" என்றேன். எனக்குக் கோபம். "சார், அவர் பயந்து பேசினவர். நாளைக்கு அவர் வீட்டு முன்னாடி கூட்டம் நிக்கும். அதை யார் செஞ்சதா ஆகும்?" என்றான்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்கிறான். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்றிருந்த அவதூறுப் பிரிவுகள், 2024 ஜூலை முதல் நியாய சன்ஹிதாவில் 356. "என்று சொல்லப்படுகிறது" என்று வால் ஒட்டினால் தப்பலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அடுத்தவர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொன்னாலும் சொன்னதுதான். பேர் போடாவிட்டாலும் இன்னார் என்று ஊருக்குப் புரிந்தால் போதும். நீலச் சேலை, மூட்டை, தெரு என்று போட்டால் ஊருக்குப் புரியாதா?

கடைசியில் மதியம் 2.15-க்குப் போன செய்தி இவ்வளவுதான்: "இன்று காலை நம் நகரில் வழி தவறிய ஒரு குழந்தையைத் தெரு வியாபாரி ஒருவர் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். குழந்தை தாயிடம் நலமாக உள்ளது. இதைப் பற்றித் தவறான ஆடியோவும் படமும் சுற்றுகின்றன, பகிர வேண்டாம். குழந்தை எதையாவது காணவில்லை என்றால் 112 அல்லது 1098-ஐ அழைக்கவும்." நடந்தது முதலில், வதந்தி பிறகு. குழந்தையின் பெயரோ தெருவோ இல்லை. "கடத்தல்" என்ற சொல்லே இல்லை.

அதிலும் ஒரு தவறு. யூடியூபில் பேசும்போது "கடத்தல் எதுவும் நடக்கவில்லை என்று காவல்துறை உறுதி செய்தது" என்று சொல்லிவிட்டான். காவல் நிலையத்தில் சொன்னது புகார் வரவில்லை என்பது மட்டும்தான். நடக்கவில்லை என்று தெரிந்தது தாயும் கடைக்காரரும் சொல்லித்தான். இதை நான் சொன்னதும், வீடியோவை எடுத்துவிட்டு, முன்பு சொன்னது என்ன, சரியானது என்ன என்று சேர்த்துப் பேசி மறுபடி போட்டான். சத்தமில்லாமல் மாற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்று மாலை நான் குடும்பக் குழுவில் அனுப்பியதை அழித்தேன். அதனால் என்ன பயன்? அதற்குள் மைத்துனர் மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டார். இரண்டில் அவரே திருத்தம் போட்டுவிட்டார். மூன்றாவது அவருடைய பழைய வாக்கிங் குழு. அதிலிருந்து அவர் போன வாரமே வெளியேறிவிட்டார், யார் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கே சரியாக நினைவில்லை. அந்த அம்மா இன்னும் நம் பக்கத்துத் தெருக்களில்தான் மூட்டையோடு வருகிறார். உங்களில் யாருக்காவது அந்த ஆடியோ வந்திருந்தால், யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள் என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நானே போன் செய்து பேசுகிறேன்.