டிவி செஞ்சியில், லேப்டாப் சிங்கப்பூரில்

2023-இல் சிங்கப்பூரிலிருந்து சிங்கவரத்துக்குக் கிளம்பும் முன், அம்மாவுக்காக 43 இன்ச் டிவி பார்த்தேன். 450 வெள்ளி, வெள்ளிக்கு 60 ரூபாய் வீதம் 27,000. செஞ்சிக் கடையில் அதே அளவு டிவி 31,000 என்று தம்பி விசாரித்துச் சொன்னான். நாலாயிரம் மிச்சம் போலத் தெரியும். ஆனால் 2013 ஆகஸ்டிலிருந்து எல்இடி டிவிக்குப் பயணிகளின் வரிவிலக்கு கிடையாது. அப்போது சென்னை ஏர்போர்ட்டில் 38.5 சதவீதம் வரி, அதாவது 10,395 ரூபாய் சேர்ந்தால் 37,395 ஆகியிருக்கும். ஒர்க் பெர்மிட்காரர்களுக்குச் சிங்கப்பூர் ஜிஎஸ்டியும் திரும்பக் கிடைக்காது.

டிவியைச் செஞ்சியிலேயே எடுக்கச் சொல்லித் தம்பிக்குப் பணம் அனுப்பினேன். காலேஜ் சேர்ந்த தங்கச்சிக்கு லேப்டாப் வாங்கினேன்; 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஊருக்குப் போறவங்க, விலையோடு சுங்க வரியையும் கூட்டிப் பார்த்துட்டு வாங்குங்க.