இறங்குவிலைக் கணக்கு

வெளிநாட்டுக்காரன் அனுப்பும் இன்வாய்சில் இருக்கும் விலை ஒன்று. அதே சரக்கு நம் கடை வாசலில் வந்து இறங்கும்போது ஆகும் விலை வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பதைக் கூட்டிப் பார்ப்பதற்குத்தான் 'லேண்டட் காஸ்ட் ஷீட்' என்று ஒரு தாள். பாரிமுனையில் ஓர் இறக்குமதிக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் அதிகம் எழுதியது அந்தத் தாளைத்தான். தமிழில் அதை இறங்குவிலைக் கணக்கு என்று சொல்லிக்கொள்வேன்.

ஓய்வு பெற்ற பிறகு அதை மறந்தே போயிருந்தேன். 2018 ஏப்ரலில் திருப்பூரில் இருக்கும் என் அக்கா மகள் முதல் தடவையாகச் சீனாவிலிருந்து தையல் மெஷினுக்கான சர்வோ மோட்டார்கள் 200 வாங்க ஏற்பாடு செய்தாள். ஒரு மோட்டார் 40 டாலர். அன்று டாலர் 65 ரூபாய். அவள் போட்ட கணக்கு சுருக்கமானது. 40 டாலருக்கு 2,600 ரூபாய், வரி 10 சதவீதம் 260, இதர செலவு 140, ஆக மொத்தம் 3,000. அதன் மேல் 300 லாபம் வைத்து, ஜி.எஸ்.டி. தனி என்று சொல்லி, ஒரு பனியன் கம்பெனிக்கு 60 மோட்டார்களை 3,300 ரூபாய்க்குத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டாள்.

அக்டோபரில் போன் செய்தாள். "மாமா, சரக்கு நல்லபடியா வந்துடுச்சு. பாதிக்கு மேல் வித்தும் போச்சு. ஆனா பேங்க்ல பணம் இல்லையே, எப்படி?"

"எல்லா பில்லையும் போட்டோ எடுத்து அனுப்பும்மா" என்றேன்.

பில்கள் வந்ததும் தாளில் கோடு போட்டு உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது இன்வாய்சில் இருந்த 'எஃப்.ஓ.பி.' என்ற மூன்று எழுத்து. சீனத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவது வரைதான் அந்த 40 டாலர் என்று அதற்குப் பொருள். கப்பல் கூலி 500 டாலரும் இன்சூரன்ஸ் 20 டாலரும் நம் தலையில்.

சுங்க இலாகா வரி போடுவது 8,000 டாலர் மேல் அல்ல. கூலியும் இன்சூரன்சும் சேர்ந்த 8,520 டாலர் மேல்தான். இதற்கான ரசீதுகளைக் காட்டாவிட்டால் அவர்களே ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்வார்கள். எஃப்.ஓ.பி. மதிப்பில் கூலிக்கு 20 சதவீதம், இன்சூரன்சுக்கு 1.125 சதவீதம். நல்லவேளை, இவளிடம் இரண்டு ரசீதும் இருந்தன. இல்லாவிட்டால் 500 டாலர் கூலி 1,600 டாலராகக் கணக்காகி, அதற்கும் வரி கட்டியிருப்பாள்.

வரி விகிதம் சரக்கின் குறியீட்டு எண்ணைப் பொறுத்தது. இவளுக்கு அடிப்படை வரி 10 சதவீதம் என்றே கணக்கில் வைத்துக்கொள்வோம். அந்த வரியின் மேல் இன்னொரு 10 சதவீதம், 2018-இல் வந்த சமூக நலக் கூடுதல் வரி. ஆக 11 சதவீதம். இதற்கெல்லாம் மேலே 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. ஒரு லட்சத்துக்கு மேல் துறைமுகத்திலேயே கட்டியிருந்தாள். விற்கும்போது வசூலிக்கும் ஜி.எஸ்.டி.யில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அதை அடக்க விலையில் சேர்க்கவில்லை. ஆனால் திரும்பி வரும் வரை அந்தப் பணம் முடங்கித்தான் கிடக்கும்.

அடுத்தது டாலர். இந்தத் தாளில் டாலருக்கு ஒரே விலை கிடையாது. ஏப்ரலில் அவள் மனத்தில் இருந்தது 65. ஜூலையில் பில் ஆஃப் என்ட்ரி போட்ட அன்று சுங்க இலாகாவின் விலை 69. வரிக்கு அதுதான் செல்லும். கப்பல் ஏஜென்ட் தன் கூலிக்குப் போட்டது 71. அவர்கள் எப்போதும் ஓரிரு ரூபாய் கூட்டித்தான் போடுவார்கள். சீனாக்காரன் கொடுத்தது 90 நாள் தவணை. அக்டோபரில் பாங்க் பணம் அனுப்பிய அன்று டாலர் 74.

தாள் இப்படி முடிந்தது:

சரக்கு, 8,000 டாலர், 74 வீதம்: 5,92,000
கப்பல் கூலி, 500 டாலர், 71 வீதம்: 35,500
இன்சூரன்ஸ்: 1,400
சுங்க வரி, 8,520 டாலர், 69 வீதம், 11 சதவீதம்: 64,667
தூத்துக்குடியில் கிளியரிங், திருப்பூருக்கு லாரி: 45,000
பாங்க் கமிஷன்: 3,500
மொத்தம்: 7,42,067

200-ஆல் வகுத்தால் ஒரு மோட்டார் 3,710 ரூபாய். அதிலும் இரண்டு மோட்டார் ஓடவே இல்லை. விற்கக்கூடியது 198 என்றால் 3,748.

"அப்ப டாலர்தான் மாமா என்னைக் கவுத்துடுச்சு" என்றாள்.

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. அதே தாளை ஏப்ரல் மாத விலையான 65-இல் போட்டுப் பார்த்தேன். கப்பல் கூலிக்கு மட்டும் 67. ஒரு மோட்டாருக்கு 3,322 வந்தது. அதாவது டாலர் ஒரு பைசா ஏறாமல் இருந்திருந்தாலும் 3,300 நஷ்ட விலைதான். 300 லாபம் என்று நினைத்தது வாக்குக் கொடுத்த அன்றே காணாமல் போயிருந்தது. அதற்கு மேல் ஏறிய 388 ரூபாய்தான் டாலரின் வேலை.

அந்த 388-லும் ஒரு பகுதியைத் தடுத்திருக்கலாம். ஜூலையில் சரக்கு வந்ததுமே பாங்கில் 'பார்வர்ட் கவர்' எடுத்திருந்தால், அன்றைய விலைக்கு மேல் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, அக்டோபரில் தர வேண்டிய டாலரின் விலையை அப்போதே கட்டிப் போட்டிருக்கலாம். டாலர் இறங்கியிருந்தால் அந்த ஆதாயம் கிடைத்திருக்காது, உண்மைதான். ஆனால் விற்கும் விலையை முன்கூட்டியே சொல்லிவிட்டவர்களுக்கு ஆதாயத்தை விட நிச்சயம் முக்கியம்.

அவளுடைய ஆடிட்டர் ஒரு மோட்டார் 3,510 என்று கணக்கு எழுதியிருந்தார். "யார் சொல்றது சரி மாமா?" என்று குழம்பினாள். இரண்டும் சரிதான். சரக்கு கைக்கு வந்த நாளின் 69-இல் கையிருப்பை எழுதிவிட்டு, அதற்குப் பிறகு டாலர் ஏறியதைத் தனி நஷ்டமாக லாப நஷ்டக் கணக்கில் காட்டுவது கணக்கியல் விதி. புத்தகத்துக்கு அது. கையில் மிச்சமிருக்கும் சரக்குக்கு விலை வைக்க அது உதவாது. அடுத்த சரக்கை 74-இல் அல்லவா வாங்க வேண்டும்?

பனியன் கம்பெனிக்குச் சொன்ன 60 மோட்டார்களையும் சொன்ன விலைக்கே கொடுத்தாள். வேறு கடைகளுக்கு அதற்குள் போயிருந்ததும் அதே விலைதான். மோட்டாருக்கு 410 ரூபாய் நஷ்டம். "சொன்ன சொல்லை மாத்த முடியாது மாமா" என்றாள். நானும் மாற்றச் சொல்லவில்லை. கையில் மிஞ்சியவற்றுக்கு மட்டும் 3,748-ஐ அடிப்படையாக வைத்து விலை போட்டுக் கொடுத்தேன்.

இப்போது அவள் ஆர்டர் போடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் தாளை நிரப்புகிறாள். டாலருக்கு இரண்டு கட்டம் வைத்திருக்கிறாள். ஒன்றில் அன்றைய விலை, இன்னொன்றில் அதைவிட ஐந்து ரூபாய் கூடுதல். இரண்டாவது கட்டத்திலும் நஷ்டம் வரவில்லை என்றால்தான் யாருக்கும் விலை சொல்கிறாள்.