ஒரு வாய்த் தண்ணீர்

செவிலிமேட்டில் எங்கள் தெருவில் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். மகளுக்கு எட்டு வயது. இந்த வருடம் அவளுக்குப் புதுநன்மை. நற்கருணையை முதன்முறையாக வாங்கும் நாளை அப்படித்தான் சொல்வோம்.

நான்கு மாதமாக ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு. செபங்கள் மனப்பாடமான பிறகு, அர்ச்சிக்காத வெறும் அப்பத்தைக் கொடுத்து சிஸ்டர் பழக்கினார். வலது கை மேல் இடது கையை வைத்து ஏந்த வேண்டும். 'ஆமென்' சொல்லி, வலது கையால் எடுத்து வாயில் போட வேண்டும். அண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் விரலை விடக்கூடாது, தானே ஊறட்டும். முந்தின நாள் முதல் பாவசங்கீர்த்தனமும் முடிந்தது.

பட்டுத்தறி நெய்யும் என் கணவருக்கு, மகளுக்குத் தன் கையால் வெள்ளைப் பட்டுப்பாவாடை நெய்ய ஆசை. "எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி பருத்திக் கவுன்தான்" என்றார் சிஸ்டர். ஞானஸ்நானத்தில் போடும் வெள்ளையின் நினைவுக்காகத்தான் இந்த வெள்ளை. அதில் ஏழை, பணக்காரர் வித்தியாசம் தெரியக்கூடாதாம். அவரும் ஒப்புக்கொண்டார்.

உபவாசத்தில்தான் மாமியாரோடு இழுபறி. நன்மை வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. தண்ணீரும் மருந்தும் மட்டும் குற்றமில்லை. பூசை எட்டு மணிக்கு, நன்மை வாங்க ஒன்பதாகிவிடும் என்று ஆறரைக்கே இரண்டு இட்லி கொடுத்தேன்.

"எங்க காலத்துல ராத்திரி பன்னெண்டுக்கு மேல பச்சைத் தண்ணிகூட படக்கூடாது" என்றார் அத்தை. அவர் சொன்னதும் உண்மைதான். 1953-ல்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தண்ணீரை அனுமதித்தார். ஒரு மணி நேரம் என்று குறைந்தது 1964-ல், ஆறாம் பவுல் காலத்தில்.

கோயில் வாசலில் தாகம் தாங்காமல் மகள் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டாள். உடனே முகம் வெளுத்தது. "நான் வரிசையில நிக்க மாட்டேன்" என்று அழுகை. நான் எவ்வளவு சொல்லியும் அவள் பார்த்தது ஆயாவைத்தான்.

அத்தை அவளைத் தனியே கூட்டிப்போனார். பின்னாலேயே நானும் போனேன்.

"1952-ல எனக்குப் புதுநன்மை. விடியக்காலம் தாகம் பொறுக்காம பானையில ஒரு வாய் மொண்டு குடிச்சேன். யார்கிட்டயும் சொல்லாம போய் நன்மை வாங்கிட்டேன். அப்ப அது பெரிய குத்தம். பயத்துல பாவசங்கீர்த்தனத்துலகூட சொல்லல."

எழுபது வருடத்துக்கு மேல் மனதில் கிடந்த பாரம். அவருடைய கண்டிப்பின் காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

"உனக்கு அந்தப் பயம் வேணாம், கண்ணு" என்றவர், அதே பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்தார். இன்றுவரை பூசைக்கு முன் தண்ணீர் தொடாதவர் அவர்!

இருவரும் ஒன்றாகவே வரிசையில் நின்றார்கள். பக்கத்துத் தறி வீட்டார் பெஞ்சிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். மதியம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிரியாணி. அத்தை அதற்கு முன்பே, அடுத்த சனிக்கிழமை சாமியாரைப் பார்க்க வேண்டும், கூட வா என்று என்னிடம் சொல்லிவிட்டார்.