மட்டாஞ்சேரியில் பதினாறு கட்டம்

எர்ணாகுளத்தில் படகேறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, கால்வத்தி வழியாக பஜார் ரோட்டுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்கு ஊரைக் கண்டுபிடித்துவிடும். சுக்கு, மிளகு, நனைந்த சாக்கு. கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்னி உருது, தமிழ் என்று இந்தச் சில சதுர கிலோமீட்டருக்குள் வீட்டுக்கு ஒரு மொழி, தெருவுக்கு மலையாளம். கொச்சியில் ஆசிரியராக இருக்கும் நண்பர்தான் என்னை இங்கே வரச் சொன்னார். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். ‘தல்லுமாலா’, ‘ஆவேசம்’ படப் பாட்டுகள் என் வீட்டுப் பிள்ளைகளின் வாயில் அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன. ஆங்கிலம் கலந்து எழுதும் வேறு எத்தனையோ பாட்டுகள் பல்லில் கல் கடித்தது போல் இருக்கின்றன. ஏன்? “எழுதுறவன் ஒருத்தன் இருக்கான், அவன் கையைப் பாருங்க” என்றார்.

ராப் எழுதும் அந்தப் பையனுக்கு இருபத்துநான்கு வயது. பகலில் மொபைல் பழுதுபார்க்கும் கடையில் வேலை. அவன் வாப்பா பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளில் மூட்டை சுமந்தவர். கடையின் மேல் மாடியில் ஒரு சின்ன அறை, பழைய கணினி, ஒரு மைக், சுவரில் முட்டை அட்டைகள். கணினியில் தாளம் கட்டுவதையும் குரலைச் சுத்தம் செய்வதையும் அரை மணி நேரம் காட்டினான். எனக்கு அதில் பாதி பிடிபடவில்லை. என் கண் அவன் மடியில் இருந்த நோட்டின் மேலேயே இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குப் போடும் கட்டம் போட்ட நோட்டு.

ஒரு வரிக்குப் பதினாறு கட்டம். தாளத்தில் ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு, ஒரு தட்டுக்கு நான்கு கட்டம். நிமிடத்துக்கு 90 தட்டு என்று வைத்தால் ஒரு வரி ஓடி முடிய இரண்டரை நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாகும். குறில் தனியாக வந்தால் ஒரு கட்டம். நெடிலோ, ஒற்றடுத்த எழுத்தோ வந்தால் இரண்டு. நம் யாப்பை எட்டத்திலிருந்து பார்த்தவருக்கும் இந்தக் கணக்கு புரியும். யாரிடம் கற்றாய் என்றேன். “உம்மும்மாகிட்ட, சேட்டா.” கல்யாண வீடுகளில் கைதட்டி மாப்பிளப் பாட்டு பாடிய பாட்டி. இசல் தப்பினால் தொடையில் ஓர் அடி விழுமாம். மாப்பிளப் பாட்டுக்கு மெட்டுக்கட்டுதான் இசல். அரபியும் மலையாளமும் தமிழும் ஒரே வரியில் வந்தாலும் கை தவறக் கூடாது. ஆக, ராப் எழுதப் போகும்போதே அவன் கையில் ஓர் அளவுகோல் இருந்திருக்கிறது.

கட்டத்தில் ஆங்கிலச் சொல்லை எப்படி அளப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள் என்றான். ‘சார்ஜ்’ என்பது ஆங்கிலத்தில் ஓரசை. மலையாளி வாயில் அதற்கு ஒரு வால் முளைத்து ‘சார்ஜு’ ஆகிறது. இரண்டும் ஒன்றும் மூன்று கட்டம். நம்மூரிலும் பஸ் பஸ்ஸு ஆகிறது, 2011இல் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ ஊரைச் சுற்றியதற்கு அந்த உகர வாலும் ஒரு காரணம். மலையாள வரிக்குள் ஆங்கிலச் சொல்லை லண்டன்காரர் உச்சரிப்பில் பாடினால் அந்த ஓர் இடத்தில் மட்டும் தாளம் நொண்டும். மீன் விற்பவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படி அளக்க வேண்டும் என்பது அவன் முதல் விதி.

பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். கடைசிப் படகைத் தவறவிட்டவனின் பாட்டு. முதலில் எழுதியது இது:

ஞான் வெயிட்டிங், பேட்டரி டையிங்.

கட்டத்துக்குள் அடங்குகிறது. இயைபும் இருக்கிறது. ஆனாலும் அதைக் குறுக்கே அடித்திருந்தான். “இங்ஙனெ ஆரு பறயும் சேட்டா?” இப்படி யார் பேசுகிறார்கள்? யாரும் பேசுவதில்லைதான். ஆங்கில வினையை அதன் ஆங்கில வாலோடு தூக்கிவந்து மலையாள வாக்கியத்தின் முடிவில் வைப்பதில்லை. பெயரைத்தான் எடுக்கிறோம், அல்லது வினையின் வேரை மட்டும். முடிச்சைப் போடுவது வீட்டு மொழியின் ஒரு சின்ன வினை: மலையாளத்தில் செய்து, ஆயி, தமிழில் பண்ணு, ஆச்சு. மிஸ் ஆயி, செட் ஆயி, கட் ஆயி. நாம் மிஸ் ஆயிடுச்சு, கால் பண்ணுனேன் என்கிறோம். உருபும் அப்படித்தான்: ஆஃபீஸில், பஸ்ஸில். எத்தனை ஆங்கிலச் சொல் வந்தாலும் வாக்கியத்தின் எலும்பு வீட்டு மொழியாகவே இருக்கிறது. அவன் வரியில் எலும்பு நடுவழியில் மாறிவிட்டது. அதைத்தான் காது பொய் என்று கண்டுகொண்டது.

ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். இயைபுக்காக. நம் மொழிகளில் வினை வரியின் கடைசிக்கு வந்துவிடுவதால் வரி முடிவெல்லாம் ‘வந்நு, போயி, சொல்லி’ என்றே ஒலிக்கும். அது அலுத்துப்போய், இளம் எழுத்தாளர்கள் ஓர் ஆங்கிலச் சொல்லை இழுத்து வரி முடிவில் கட்டுகிறார்கள். அங்கேதான் வாக்கியம் முறிகிறது. கேட்கும்போதே வலிந்து செய்தது தெரிகிற பாட்டுகளில் நான் பார்த்தவரை முக்கால்வாசிக்கு நோய் இந்த இடத்தில்தான்.

அவன் கண்டுபிடித்த மருந்து நமக்குப் பழையது. ஆங்கிலச் சொல்லை வரியின் முன்னால் கொண்டுவந்து, அங்கே எதுகை போடுவது. மலையாளத்தில் இதை துவிதீயாட்சரப் பிராசம் என்பார்கள். இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. இரண்டாம் வரைவு:

சார்ஜு தீர்ந்நு, ஜெட்டி அடச்சு.

சார்ஜ் தீர்ந்தது, படகுத்துறை மூடியாயிற்று. எலும்பு சரி. கட்டம் பதின்மூன்று. ஆனால் படகுத்துறைக்கும் உள்ளாடைக்கும் மலையாளத்தில் கிட்டத்தட்ட ஒரே சொல். வரியைக் கேட்ட நண்பன் சிரித்துவிட்டான், சோகப் பாட்டு அதோடு போயிற்று. வெளிச்சொல் ஊருக்குள் வந்ததும் அதற்கு இங்கே வேறு உறவுகள் உண்டாகிவிடுகின்றன, அகராதியில் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாம் வரைவு, இரண்டு வரியாக:

சார்ஜு தீர்ந்நு, போட்டு போயி
மார்க்கெட் ரோடில் மழயும் வந்நு

போட்டு என்றது படகைத்தான். முதல் வரியை நானே விரல் வைத்து எண்ணினேன். சார்-ஜு, தீர்ந்-நு, போட்-டு, போ-யி: நான்கு மூன்றுகள், பன்னிரண்டு. மீதி நான்கு கட்டம், அதாவது ஒரு முழுத் தட்டு, காலி. படகு போன பிறகு வரும் அந்த வெறுமையில் பாடுகிறவன் மூச்செடுக்கிறான். இரண்டாவது வரி பதினைந்து கட்டத்தை அடைத்துக்கொண்டு மழையாகவே இறங்குகிறது. சார்ஜு, மார்க்கெட் என்று இரண்டு ஆங்கிலச் சொல்லுக்குள் எதுகை அமைந்திருக்கிறது. நெடிலுக்கு நெடில், ரகர ஒற்றுக்கு ரகர ஒற்று. மழையை மட்டும் அவன் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. மழை, பசி, உம்மா, சண்டை இவற்றுக்கெல்லாம் அவன் நண்பர்கள் ஆங்கிலம் பேசுவதில்லை. சார்ஜ், சிக்னல், பேலன்ஸ், லேட் இவற்றுக்கு மலையாளம் பேசுவதில்லை. எது எந்தப் பக்கம் என்பதை அவன் தீர்மானிப்பதில்லை, கடைக்கு வருகிறவர்கள் பேச்சிலிருந்து குறித்துக்கொள்கிறான்.

வரி சரியா என்று பார்க்க அவனிடம் ஒரு சோதனை உண்டு. தாளம் போடாமல், பாடாமல், சாதாரணக் குரலில் அந்த வரியைச் சொல்லி நண்பனுக்குக் குரல் செய்தியாக அனுப்புவான். ‘சார்ஜு தீர்ந்நு, போட்டு போயி’ என்பதைக் கடை எண்ணிலிருந்து அனுப்பியிருக்கிறான். இரண்டு நிமிடத்தில் பதில்: “எவிடெயா நீ? இது ஆருடெ ஃபோணா?” எங்கே இருக்கிறாய், இது யார் ஃபோன்? பாட்டு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வரி தேறியது.

கலப்பு மொழி என்றதும் கேரளத்தில் எல்லோரும் மணிப்பிரவாளத்தைச் சொல்வார்கள். 14ஆம் நூற்றாண்டின் ‘லீலாதிலகம்’ அதற்கு இலக்கணம் வகுத்தது. ஆனால் அங்கே சமஸ்கிருதச் சொல் தன் சமஸ்கிருத வேற்றுமை உருபோடு, தன் உடையிலேயே வர வேண்டும். படித்தவர் சபைக்கான கலப்பு அது. தெருவில் நடப்பது நேர் எதிர்; விருந்தாளி வீட்டு வேட்டியைக் கட்டிக்கொள்கிறார். தெருக் கலப்புக்கு மணிப்பிரவாளத்தை முன்னோடியாகக் காட்டுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

அவன் முதல் பாட்டு வெளியான கதையைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. ஓர் இசை நிறுவனம் ஏழாயிரம் ரூபாய் கொடுத்து, பதினொரு பக்க ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறது. வரி எழுதியவனுக்கு அதற்குப் பிறகு ஒரு பைசா வரவில்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டதே இந்த அநியாயத்துக்காகத்தான். சினிமாப் பாட்டோ தனிப்பாட்டோ, பாடலாசிரியன் பதிப்புரிமையை விற்றாலும், வரும் ராயல்டியில் வாங்கியவரோடு சமபங்கு கேட்கும் உரிமை அவனை விட்டுப் போகாது. திரையரங்கில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் விலக்கு. அந்தச் சமபங்கை விட்டுத்தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. அந்தப் பணத்தைத் திரட்டித் தருவதற்கு ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது, 2017இல் மறுபதிவு பெற்றது. உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். இதில் ஒன்றுகூட அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தாளை நீட்டியவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவன் இரண்டு மொழியில் பதினாறு கட்டம் எண்ணுகிறான். அவன் கூலியைப் பதினொரு பக்கத்தில் ஒரே மொழியில் எண்ணி எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டப் பிரிவை அன்று மாலையே தமிழில் சொல்லி அவனை எழுதிக்கொள்ள வைத்தேன். பிரிவு 18.

கிளம்புவதற்கு முன் யூதத் தெரு வரை நடந்தோம். 1568இல் எழுந்த பரதேசி சினகாக் அன்று மூடியிருந்தது. இந்தத் தெருவின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மலையாளத்தில் பாடி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்த பாட்டுகளை ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் 2005இல் எருசலேமில் புத்தகமாகக் கொண்டுவந்ததைச் சொன்னேன். மலையாள வாக்கியம், நடுவில் எபிரேயச் சொல். அவர்கள் பேச்சில் ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கு ‘ஷாலோம் ஆயி’ என்பார்களாம். அமைதியாகிவிட்டார்.

அவன் நடையை நிறுத்திவிட்டான். “ஆயி?”

“அதே ஆயிதான்.”

மிஸ் ஆயி, கட் ஆயி, ஷாலோம் ஆயி என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். ஒரு பழங்கடைப் பலகையில் உட்கார்ந்து நோட்டை விரித்து, ஷா-லோம்-ஆ-யி என்று பென்சிலால் கட்டங்களை நிரப்பினான். இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. “ஏழு” என்றான். வரியின் மீதி ஒன்பது கட்டத்தைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தான். பிறகு ரப்பரை எடுத்து அழித்தான்.

“நல்ல வாக்காணு சேட்டா. பக்ஷே இது ஞான் ஆருக்கு அயய்க்கும்?”

அந்தக் குரல் செய்தியை அனுப்ப, அந்தத் தெருவில் இப்போது ஆள் இல்லை. 1950கள் முதல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தவர்களோடு அந்தச் சொல்லும் போய்விட்டது. கடைசிப் படகுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அவன் என்னைத் துறை வரை கொண்டுவந்து விட்டான்.