ஆளில்லாத வாக்கியங்கள்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி அலுவலகமொன்றில் பணிபுரியும் என் சகோதரி மகன், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டிற்கு வந்தபோது தானெழுதிய மின்னஞ்சலொன்றைக் காட்டினான். வெள்ளியன்று போகவேண்டிய துணி மாதிரிகள் போகவில்லை. அதற்கான மன்னிப்புக் கடிதம்.

"எதிர்பாராத மின்தடையினாலும் தறிக்காரர் விடுப்பினாலும் தவிர்க்கவியலாத தாமதம் ஏற்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம். விரைவில் அனுப்ப ஆவன செய்யப்படும்."

'ஏற்பட்டுள்ளது', 'செய்யப்படும்' இரண்டிலும் செய்தவர் யாரென்பது இல்லை. 'விரைவில்' என்பதில் நாளும் இல்லை.

"மின்தடை பொய்யில்லையே மாமா" என்றான். மெய்தான். ஆனால் தாமதமாகுமென்று புதனன்றே தெரிந்தும் சொல்லாதிருந்தது மின்தடையின் குற்றமன்று. திருத்தி எழுதினோம்:

"வெள்ளியன்று தருவதாகச் சொன்ன மாதிரிகளை அனுப்பவில்லை. புதனன்றே தெரிந்தும் தங்களுக்குத் தெரிவிக்காதது என் தவறு, மன்னியுங்கள். ஐந்தில் மூன்று இன்று புறப்படுகின்றன. மற்ற இரண்டும் வியாழன் மாலைக்குள் வந்துசேரும்."

தறி மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டதால் மின்தடையைச் சொல்லத் தேவையில்லை. வியாழனையும் அது பாதிக்குமாயின், ஒரு வரி சொல்லியே ஆகவேண்டும். அப்போது அது சாக்கன்று, தகவல்.

'என் தவறு' என்ற இடத்தில் அவன் வெகுநேரம் தயங்கினான். முதலாளி என்ன சொல்வாரோ என்ற அச்சம் நியாயமானதே. அவரிடம் முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினான்.