கடைசி இரண்டு வரியில் இருக்கு விஷயம்!

பி.காம் முடித்த அந்த ஈரோட்டுப் பெண் நான்கு மாதமாக வேலைக்கு மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் ஆபீஸில் இருக்கும் அவளுடைய சித்தப்பா, ஒருநாள் அவள் அனுப்பிய மெயிலை வாங்கிப் படித்தார். படிப்பு, டேலி தெரியும் என்பது, ரெஸ்யூமே எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால், 'தங்களின் சாதகமான பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்' என்று முடித்திருந்தாள்.

"இதைப் படிச்சுட்டு நான் என்னம்மா செய்யணும்?" என்றார் சித்தப்பா.

"கூப்பிடணும் சித்தப்பா..."

"எப்போ? நீ க்ளாஸ்ல இருப்பியா, பஸ்ல இருப்பியானு எனக்குத் தெரியாதே. அப்புறம் பாத்துக்கலாம்னு வெச்சுடுவேன். அதுக்குள்ள அடுத்த 20 மெயில் வந்துடும்."

அந்த வரி தாத்தா காலத்துக் கடிதங்களிலிருந்து வந்தது. மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால், பதில் சொல்ல அதில் கேள்வியே கிடையாது. இருவரும் உட்கார்ந்து அதை மாற்றினார்கள்.

'வரும் திங்கள் முதல் வியாழன் வரை, காலை 10 மணியிலிருந்து 1 மணிக்குள் நேரிலோ போனிலோ பேச முடியும். டேலியில் சிறிய டெஸ்ட் வைத்தாலும் எழுதத் தயார். தங்களுக்கு எந்த நாள் வசதி என்று தெரிவிக்க முடியுமா?'

கீழே பெயர், போன் நம்பர். 'திங்கள்' என்பதோடு தேதியையும் சேர்க்கச் சொன்னார் சித்தப்பா. மெயிலை மூன்று நாள் கழித்துத் திறப்பவருக்கு, 'வரும் திங்கள்' எந்தத் திங்கள் என்று குழப்பம் வரும். எழுதியது சரியா என்று பார்க்க அவர் சொன்ன வழி சுலபமானது: படிப்பவர், 'செவ்வாய் 11 மணி' என்று மட்டும் தட்டிப் பதில் அனுப்ப முடிய வேண்டும்.

அவள் ஆர்வத்தில், 'நாளைக்குள் பதில் தரவும்' என்று சேர்த்தாள். சித்தப்பா அதை அடித்துவிட்டார். வேலை கேட்பவர் கெடு வைத்தால் அதட்டல் போலத் தெரியும். 'நானே போன் செய்து கேட்கிறேன்' என்று எழுதுவதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. போன் செய்ய வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தால், மெயிலோடு நிறுத்திக்கொள்வதுதான் முறை. எழுத்துத் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் அரசு வேலைகளுக்கு இந்த வித்தையெல்லாம் செல்லாது என்பது வேறு விஷயம்.

ஒரு வாரம் பதில் வராவிட்டால், புது மெயில் போடாமல், அனுப்பிய மெயிலுக்கே 'ரிப்ளை' கொடுத்து ஒரே ஒருமுறை கேட்கலாம். அப்போது பழைய விவரம் கீழேயே இருக்கும். அவர் தேட வேண்டியதில்லை.

மாற்றி எழுதிய மெயிலுக்கு நான்காம் நாள் பதில் வந்தது: 'இந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டோம். ஜூனில் மீண்டும் எடுப்போம், அப்போது அனுப்புங்கள்.'

அவள் காலண்டரில் ஜூன் 1-ஐ வட்டமிட்டுவிட்டு, அடுத்த கம்பெனிக்கு மெயில் எழுத உட்கார்ந்தாள்.