விடை சரி, ஆனா விரல் என்ன செய்யுது?

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு சாப்பாட்டு வரிசையில நிக்கும்போது அம்மாமார்கள் எங்ககிட்ட அடிக்கடி கேக்கிற கேள்வி, "என்னங்க, வீட்டுல அபாகஸ் சொல்லிக் கொடுக்கிறீங்களாமே, ஏன் ஒரு நேரத்துக்கு நாலு பிள்ளைங்களத்தான் சேர்த்துக்கிறீங்க?" அதற்குப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் இருவரும் எங்கள் வீட்டு ஹாலில் சாப்பாட்டு மேசையில்தான் வகுப்பு நடத்துகிறோம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைங்க. ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குப் பட்டைக்கு மேலே ஒரு மணி, கீழே நாலு மணி இருக்கும் ஜப்பானிய அபாகஸைத்தான் பயன்படுத்துகிறோம். மேல்மணி ஐந்து, கீழ்மணி ஒவ்வொன்றும் ஒன்று. பழைய சீனக் கடைகளில் பார்த்திருப்பீங்களே, மேலே ரெண்டு, கீழே அஞ்சு மணி இருக்குமே, அதை வாங்க வேண்டாம். அதில் ஐந்தைக் கீழ்மணிகளாலேயே காட்டிவிடலாம். அப்புறம் பிள்ளைக்கு அடுத்த பாடத்தின் தேவையே புரியாது.

அந்த அடுத்த பாடம்தான் முக்கியம். 4 + 3 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு கீழ்மணியும் மேலே ஏறிவிட்டன. இன்னும் மூணு போட மணி இல்லை. அப்போ மேல்மணியை இறக்கி ஐந்து போட வேண்டும், கூடுதலாகப் போட்ட இரண்டை எடுத்துவிட வேண்டும். இதைத்தான் "சின்ன நண்பர்கள்" என்று சொல்லித் தருகிறோம். ஐந்துக்குள் 3-க்கு நண்பன் 2, 4-க்கு நண்பன் 1. ஆள்காட்டி விரல் மேல்மணியை இறக்கி, அப்படியே ரெண்டு கீழ்மணியையும் இறக்கும். ஒரே இழுப்பு. கம்பியில் 7 நிற்கும்.

போன வருஷம் ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். அவன் பயிற்சித்தாளில் ஒரு தப்பும் கிடையாது. அவன் அம்மா, "அடுத்த லெவலுக்கு ஏத்திடுங்களேன், எல்லாம் சரியாத்தானே செய்றான்" என்றார். எங்களுக்கு மனசில்லை. காரணம், அவன் விரல். 4 + 3 வந்ததும் கை நின்றுவிடும், உதடு அசையும், அஞ்சு, ஆறு, ஏழு. பிறகு நாலையும் கலைத்துவிட்டுப் புதிதாக 7 வைப்பான். விடை சரி, ஆனா கணக்குப் போட்டது அபாகஸ் இல்லை. தாளைத் திருத்துகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்தால்தான் தெரியும். நாலு பிள்ளைக்கு மேல் சேர்த்தால் எட்டுக் கைகளுக்கு மேல் எங்களால் பார்க்க முடியாது.

அவனை ஏற்றியிருந்தால் 7 + 6-இல் மாட்டியிருப்பான். 6 போட மணி இல்லை, அதனால் பத்து போட்டு நாலை எடுக்க வேண்டும். ஆனால் 7-இல் இருப்பது ஒரு மேல்மணி, இரண்டு கீழ்மணி. நாலை நேராக எடுக்க முடியாது. ஐந்தை எடுத்து ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். ஒன்றுகள் கம்பியில் 3, இடப்பக்கக் கம்பியில் 1. விடை 13. சின்ன நண்பன் விரலில் பதியாத பிள்ளைக்கு இது வெறும் குழப்பம். மனக்கணக்கும் அப்படித்தான். கண்ணை மூடினால் மணி நகர்வது தெரிய வேண்டும். எண்ணிப் பழகியவனுக்கு நகர்வதைப் பார்க்க ஒன்றும் இருக்காது.

அதனால் தாளை எடுத்து வைத்துவிட்டோம். தினமும் பத்து நிமிஷம், நாங்கள் எண்ணைச் சொல்ல, அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நகர்த்துவான்: "மூணு இல்ல, அஞ்சு போடு, ரெண்டு எடு." மறந்தால் கை விரல்களில் மூன்றை மடக்கி, மிச்சத்தைப் பார்ப்பான். அம்மாவும் வீட்டில் அதையே செய்தார். ஆறாவது வாரம் உதடு அசைவது நின்றது. அதற்குப் பிறகுதான் ஏற்றினோம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிடுறோம். அபாகஸில் பெரிய இடத்திலிருந்து, இடப்பக்கம் தொடங்கிக் கூட்டுகிறோம். பள்ளியில் ஒன்றுகளிலிருந்து, வலப்பக்கம் தொடங்கி எழுதிக் கூட்டுகிறார்கள். பிள்ளை பள்ளி நோட்டில் விடையை மட்டும் எழுதினால் செய்வழிக்கு மார்க் போகும். ரெண்டையும் தனித்தனியாகப் பழக்குங்க. வாக்கியக் கணக்கில் கூட்டணுமா கழிக்கணுமா என்பதையும் அபாகஸ் சொல்லித் தராது.

உங்க பிள்ளை வேற எங்கே படிச்சாலும் சரி, இன்னிக்கு ராத்திரி 4 + 3, 3 + 4, 2 + 3 மூணையும் சொல்லிப் பாருங்க. விடையைப் பார்க்காதீங்க, விரலைப் பாருங்க. கலைச்சிட்டு மறுபடி வச்சா, ஆசிரியர்கிட்ட அதை மட்டும் சொல்லுங்க. அவங்களுக்குப் புரியும்.